பன்னிரண்டு பேர் அறையில் ஒருவன்



பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு, அறந்தாங்கி என்று இந்தப் பக்கத்தில் எந்தத் தெருவில் நின்று கேட்டாலும், சிங்கப்பூரில் இருக்கும் ஒரு மகனின் பெயரையோ தம்பியின் பெயரையோ யாராவது சொல்வார்கள். இந்த அரங்கிலும் அப்படிப்பட்ட பெற்றோர் பலர் உட்கார்ந்திருக்கிறீர்கள். வெளிநாட்டில் வேலை பார்க்கும் ஆண்களிடம் தொலைபேசியில் பேசி, அவர்களுடைய மன உளைச்சலைக் கேட்கும் ஆலோசகராக நான் பல வருடம் இருந்திருக்கிறேன். கடன், ஏஜென்ட் ஏமாற்றியது, முதுகுவலி, ஊரில் நடந்த சாவுக்கு வர முடியாதது, இதெல்லாம் அவர்கள் வாய்விட்டுச் சொல்வார்கள். எவரிடமும் சொல்லாமல், கடைசியில் குரலைத் தாழ்த்தி என்னிடம் சிலர் சொன்ன ஒன்றைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். பெண்களிடம் ஈர்ப்பு இல்லாமல் ஆண்களிடம் மட்டுமே ஈர்ப்பு கொண்டு பிறந்த ஆண்களின் தனிமை அது. தன்பாலீர்ப்பு என்று அதைச் சொல்கிறோம்.

இது நோயா என்று கேட்பீர்கள். உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17 அன்று இதை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. இந்திய மனநல மருத்துவர்களின் சங்கமும் 2018-இல் இது நோயல்ல என்று வெளிப்படையாக அறிவித்தது. அதே ஆண்டு செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், வயதுவந்த இருவர் மனமொத்து உறவு கொள்வதைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவின் அந்தப் பகுதியைச் செல்லாததாக்கியது. இதற்குமேல் நான் இதை வாதாடி நிறுவப் போவதில்லை. அப்படிப் பிறந்த ஒரு மகன் கடல் கடந்து போய் எப்படி வாழ்கிறான் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

ஒரு ஆளை வைத்துச் சொல்கிறேன். செல்வம் என்று பெயர் வைத்துக்கொள்வோம். அவர் ஒரு தனி மனிதர் அல்ல. பலர் சொன்னதிலிருந்து, யாரையும் அடையாளம் காண முடியாதபடி நான் சேர்த்த ஆள். ஆனால் அவருக்கு நேர்ந்தவை எல்லாம் யாரோ ஒருவருக்கு நேர்ந்தவைதான்.

செல்வம் பாலிடெக்னிக் முடித்தவர். 22 வயதில் ஏஜென்டுக்குக் கடன் வாங்கிக் கொடுத்து, சென்னையில் ஸ்கில் டெஸ்ட் முடித்து, ஒர்க் பர்மிட்டில் சிங்கப்பூர் போனார். தீவின் மேற்குக் கோடியில் ஒரு டார்மிட்டரி. அறையில் பன்னிரண்டு பேர். இரண்டடுக்கு இரும்புக் கட்டில். ஒவ்வொரு கட்டிலையும் சுற்றி ஒரு கைலியோ போர்வையோ தொங்கும். அவரவருக்குச் சொந்தமான இடம் அந்தத் துணிக்கு உள்ளே இருப்பது மட்டும்தான். விடிவதற்கு முன்பே சாப்பாட்டுப் பொட்டலம் வந்துவிடும். லாரியின் பின்பக்கம் ஏறினால் இரவுதான் திரும்புவார்கள். ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியா. ஊருக்குப் பணம் அனுப்புவது, கோவில், ஊர்க்காரர்களைப் பார்ப்பது. இந்த ஒர்க் பர்மிட்டில் இருப்பவர் குடும்பத்தில் யாரையும் அங்கே அழைத்து வைத்துக்கொள்ள முடியாது. ஆகவே கல்யாணமானவரும் ஆகாதவரும் அங்கே ஒரே மாதிரி தனி ஆள்தான்.

அப்படியானால் செல்வத்தின் தனிமையில் மட்டும் என்ன தனி? எல்லோரும்தானே குடும்பத்தைப் பிரிந்திருக்கிறார்கள்?

ராபர்ட் வைஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973-இல் தனிமை பற்றி எழுதிய நூலில் இரண்டு வகைத் தனிமையைப் பிரித்துக் காட்டினார். பழகுவதற்கு நாலு பேர் இல்லாத தனிமை ஒன்று. மனதுக்கு நெருங்கிய ஒருவர் இல்லாத தனிமை இன்னொன்று. ஒன்றுக்கான மருந்து மற்றதற்கு ஆகாது என்பதுதான் அவர் சொன்னதில் முக்கியம். நண்பர் கூட்டத்தில் உட்கார வைத்து, நெருக்கமான ஒருவர் இல்லாத குறையைத் தீர்க்க முடியாது. செல்வத்துக்கு முதல் வகைத் தனிமை கிடையாது. பன்னிரண்டு பேர் அறையில் அது எப்படி இருக்கும்? பக்கத்துக் கட்டில்காரருக்கு இரண்டாவது வகை உண்டு, ஆனால் அவருக்கு ஒரு வழி இருக்கிறது. இரவு மனைவியுடன் அரைமணி நேரம் பேசுவார். பேசிவிட்டு, "அவ ஞாபகமாவே இருக்குடா" என்று அறையில் சொல்வார். பத்துப் பேரும் ஆறுதலோ கேலியோ சொல்வார்கள். அவருடைய ஏக்கத்துக்கு அந்த அறையில் ஒரு இடம் இருக்கிறது. செல்வத்தின் ஏக்கத்துக்கு அந்த இடம் இல்லை. ஏங்குவதையே அவர் மறைக்க வேண்டியிருக்கிறது.

இந்த மறைத்தல்தான் நான் சொல்ல வந்த விஷயத்தின் மையம். மறைப்பதென்றால் வாயை மூடிக்கொண்டு சும்மா இருப்பது என்று நாம் நினைக்கிறோம். அப்படி இல்லை, நாள் முழுக்கச் செய்ய வேண்டிய வேலை அது. அறையில் சினிமா ஓடுகிறது, கதாநாயகியைப் பற்றி ஒருவர் ஏதோ சொல்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். செல்வமும் சரியான நேரத்தில், சரியான அளவில் சிரிக்க வேண்டும். குளியலறை எல்லோருக்கும் பொது. கண் எங்கே போகிறது என்பதில் கவனம் வேண்டும். நடை, குரல், கை அசைவு எல்லாவற்றிலும் கவனம் வேண்டும். போனை எங்கே வைக்கிறோம், திரையில் எந்தச் செய்தி வந்து நிற்கிறது, யார் எட்டிப் பார்க்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். "ஊர்ல ஒரு பொண்ணு இருக்கு" என்று ஒரு முறை சொல்லிவிட்டால், அந்தப் பெண்ணின் ஊர், படிப்பு, அப்பா என்ன செய்கிறார் எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து ஒருவர் கேட்பார், "அந்தப் புள்ள நர்சிங் முடிச்சிருச்சா?" என்று. பன்னிரண்டு மணி நேரம் வெயிலில் வேலை செய்துவிட்டு வந்த மனிதன், அறைக்குள் நுழைந்ததும் இரண்டாவது ஷிப்டைத் தொடங்குகிறான்.

சிறுபான்மையினரின் மன உளைச்சலை ஆராய்ந்த இலான் மேயர் 2003-இல் எழுதிய கட்டுரையில், வெளியிலிருந்து வரும் வசையும் வன்முறையும் மட்டுமல்ல, வந்துவிடுமோ என்று எதிர்பார்த்துக்கொண்டே இருப்பதும், மறைத்துக்கொண்டே இருப்பதும் தனித்தனியாக உடம்பையும் மனதையும் தேய்க்கின்றன என்று விளக்கினார். செல்வத்தை அந்த அறையில் யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. நல்லவர்கள்தான். காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுத்தவர்கள். ஆனால் அந்தக் கஞ்சியைக் குடிக்கும்போதும், 'என்னைத் தெரிந்தால் கொடுப்பார்களா?' என்ற கேள்வி உள்ளே ஓடுகிறது. இதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். அன்பு கிடைக்கிறது, ஆனால் அது தனக்கு வந்த அன்பு என்று அவரால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. தான் போட்ட வேஷத்துக்கு வந்த அன்பாகவே அது தெரிகிறது. பெற்றவர்களின் அன்பும் அப்படியே ஆகிவிடுகிறது. அம்மா "எம்புள்ள தங்கம்" என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் அவருக்கு வலித்தது என்றால், காரணம் அதுதான்.

இனி வீட்டுக்கு வரும் போனைப் பற்றி. இந்த அரங்கில் இருப்பவர்களுக்கு இது நேரடியாகச் சம்பந்தப்பட்டது.

செல்வத்துக்கு 25 வயது ஆனதும் அம்மா கல்யாணப் பேச்சை எடுத்தார். "ஏஜென்ட் கடன் முடியட்டும்மா" என்றார். கடன் முடிந்தது. "தங்கச்சி கல்யாணம் முடியட்டும்." அதுவும் முடிந்தது. "வீடு கட்டணும்ல." வீடு எழுந்தது. அப்புறம் என்ன சொல்வது? மாடி கட்டலாம் என்றார். இரண்டு பேர் இருக்கும் வீட்டுக்கு மாடி எதற்கு என்று அப்பா கேட்டார். ஊரார் செல்வத்தைப் பொறுப்பான பிள்ளை என்று புகழ்ந்தார்கள். அந்த மாடி பொறுப்பினால் எழும்பவில்லை, இன்னும் இரண்டு வருடம் கேள்வியைத் தள்ளிப்போட எழுப்பியது அது. தன்பாலீர்ப்புள்ள ஆண்களிடம் பேசும்போது இந்தக் கணக்கை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். காரணங்கள் ஒவ்வொன்றாகத் தீர்ந்துகொண்டே வரும். காரணம் தீரத் தீர அவர்கள் புதுக் கடனை இழுத்துப் போட்டுக்கொள்வார்கள். ஓவர்டைம் கேட்டு வாங்குவார்கள். குடும்பத்துக்கு உழைக்கிறான் என்று நமக்குத் தெரிவது, பாதி ஒளிந்துகொள்ளவும்தான்.

விடுமுறையும் இப்படித்தான். கம்பெனி லீவு கொடுத்தும் செல்வம் மூன்று வருடம் ஊருக்கு வரவில்லை. "மேனேஜர் விடமாட்டேங்குறார்மா" என்று சொன்னார். மேனேஜர் விடாமல் இல்லை. போன முறை வந்தபோது, திருச்சி விமான நிலையத்தில் இறங்கிய நான்காம் நாளே பெண் பார்க்கக் கூட்டிப் போனார்கள். கூடத்தில் பாயில் உட்கார்ந்திருந்தபோது அந்தப் பெண் காபி கொண்டுவந்து வைத்ததையும், அவள் கை நடுங்கியதையும், தன் கையும் அதைவிட அதிகமாக நடுங்கியதையும் அவர் என்னிடம் சொன்னார். "மூக்கு சரியில்ல" என்று ஒரு குறை சொல்லித் தட்டிவிட்டார். ஒரு பாவமும் அறியாத பெண்ணின் முகத்தைக் குறை சொன்னது அவரை வருடக்கணக்கில் உறுத்தியது. இன்னொரு முறை அதைச் செய்ய அவருக்கு மனமில்லை. அதனால் வராமலே இருந்தார். கடலும் தூரமும் முதலில் அவரைக் குடும்பத்திலிருந்து பிரித்தன என்றால், பின்னால் அந்தத் தூரத்தை அவரே காப்பாற்ற வேண்டியதாயிற்று. அம்மாவைப் பார்க்க ஆசை, ஆனால் பார்க்கப் போனால் பொய் சொல்ல வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவனின் தனிமைக்குப் பயண டிக்கெட் தீர்வாகாது.

சிங்கப்பூர் பெரிய நகரம், அங்கேயாவது தன்னைப் போன்றவர்களுடன் பழகலாமே என்று சிலர் நினைப்பீர்கள். சட்டம் மாறித்தான் இருக்கிறது. ஆண்களுக்கு இடையிலான உறவைக் குற்றமாக்கிய 377ஏ பிரிவு அங்கே 1938-இல் வந்தது. 2022 நவம்பர் 29 அன்று நாடாளுமன்றம் அதை நீக்க வாக்களித்தது, 2023 ஜனவரி 3 முதல் அது இல்லை. ஆண்டுதோறும் ஹொங் லிம் பூங்காவில் 'பிங்க் டாட்' என்ற கூட்டம் 2009 முதல் நடக்கிறது. இளஞ்சிவப்பு உடையில் குடும்பம் குடும்பமாக வருவார்கள், பிள்ளைகளுடன் பெற்றோரும் வந்து நிற்பார்கள். லிட்டில் இந்தியாவில் ரயில் ஏறினால் இரண்டாவது நிறுத்தத்தில் இறங்கிப் போய்விடலாம். ஆனால் செல்வத்தால் அதற்குள் போக முடியாது. பொதுக்கூட்டம் பற்றிய விதிகளை அரசு மாற்றியதால், 2017 முதல் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மட்டுமே அதில் கலந்துகொள்ளலாம். நுழைவில் அடையாள அட்டை பார்ப்பார்கள். அந்த நகரத்தின் கட்டடங்களுக்குச் சாரம் கட்டியவனுக்கு, தன்னைப் போன்றவர்கள் ஆயிரக்கணக்கில் கூடும் ஒரு நாளில் தடுப்புக்கு வெளியேதான் இடம். விதியை மீறினால் பர்மிட் போகும், ஊருக்கு அனுப்பிவிடுவார்கள், கடன் தலைமேல் நிற்கும். ஆகவே அவர் அந்தப் பக்கமே போவதில்லை.

மிச்சமிருப்பது போனில் உள்ள செயலி. இதைக் கூச்சப்படாமல் பேசியாக வேண்டும், ஏனென்றால் ஆபத்தும் ஆறுதலும் இரண்டும் அங்கேதான் இருக்கின்றன. ஆண்களைத் தேடும் ஆண்களுக்கான செயலிகள், பக்கத்தில் இருப்பவர்களைத் தூரத்தோடு காட்டும். ஆயிரக்கணக்கானோர் தங்கும் டார்மிட்டரியில் போர்வைத் திரைக்குள் படுத்துக்கொண்டு அதைத் திறந்தால், படமில்லாத சில சாம்பல் நிறக் கட்டங்கள் வரும். ஒன்று நூறு மீட்டர், ஒன்று முப்பது மீட்டர். அதே மாடியில் இன்னொருவன் இதே பயத்துடன் விழித்திருக்கிறான் என்று அர்த்தம். இருவரும் முகம் காட்ட மாட்டார்கள். காட்டினால் நாளை லாரியில் எதிரெதிரே உட்கார வேண்டும். இப்படி வருடக்கணக்கில் முகமில்லாமல் எழுதிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். மிரட்டிப் பணம் பறிப்பவர்களும் இதே வழியில்தான் வருவார்கள். நட்பாகப் பேசி, படம் வாங்கி, "உங்க ஊர் ஃபேஸ்புக் குரூப்ல போட்டுருவேன்" என்பார்கள். குடும்பத்துக்குத் தெரியாது என்பதுதான் அவர்களுடைய ஒரே ஆயுதம். ஒருமுறை பணம் கொடுத்தால் நிறுத்த மாட்டார்கள், அடுத்த மாதம் அதிகம் கேட்பார்கள். பணம் கொடுக்காமல், வந்த செய்திகளை அழிக்காமல் பத்திரமாக வைத்துக்கொண்டு, தொடர்பைத் துண்டித்துவிட்டு, நம்பிக்கையான ஒரு உதவி அமைப்பிடம் சொல்லச் சொல்கிறேன். குடும்பத்தில் ஒருவருக்காவது விஷயம் தெரிந்திருந்தால் இந்த மிரட்டலின் பல் பாதி உடைந்துவிடுகிறது.

வளைகுடா நாடுகளில் பிள்ளைகள் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நான் சிங்கப்பூரைப் பற்றிச் சொல்வது அங்கே பொருந்தாது. குவைத்தில் ஆண்களுக்கு இடையிலான உறவுக்கு ஏழு ஆண்டு வரை சிறை. சவூதியில் மரண தண்டனை வரை சட்டத்தில் இடம் உண்டு. அங்கே செயலியும் வேண்டாம், எழுத்தில் எதுவும் வேண்டாம் என்றுதான் நான் சொல்கிறேன். அவர்களுடைய தனிமை இன்னும் கொடியது, ஊரிலிருந்து வரும் ஒரு குரல் அவர்களுக்கு இன்னும் அவசியம்.

செல்வத்தின் வாழ்க்கையில் நல்ல காலம் ஒன்று வந்தது. ராமநாதபுரம் பக்கத்துக்காரர் ஒருவர், வேறு கம்பெனி. ஞாயிற்றுக்கிழமைகளில் சந்தித்துக்கொண்டார்கள். பெரிதாக ஒன்றுமில்லை, சேர்ந்து சாப்பிடுவது, பூங்காவில் நடப்பது, ஒரே இயர்போனில் பாட்டு கேட்பது. பார்ப்பவர்களுக்கு அவர்கள் இரண்டு நண்பர்கள். "அந்த நாலு மணி நேரம் நான் எதையும் யோசிச்சுப் பேச வேண்டியதில்லை" என்றார் செல்வம். இரண்டாவது வகைத் தனிமைக்கு மருந்து கிடைத்திருந்தது. ஒன்றரை வருடம் கழித்து, அந்த நண்பரின் கம்பெனி வேலை முடிந்தது என்று பர்மிட்டை ரத்து செய்தது. சில நாட்களில் விமானம் ஏற்றிவிட்டார்கள். செல்வம் சாங்கி விமான நிலையம் வரை போனார். அங்கே எல்லோர் முன்னாலும் கைகுலுக்கி அனுப்பிவிட்டு அறைக்கு வந்தார். அழ முடியாது. ஏன் அழுகிறாய் என்றால் என்ன சொல்வது? தலைவலி என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். ஊருக்குப் போன நண்பருக்கு ஆறு மாதத்தில் கல்யாணம் செய்து வைத்தார்கள். வாட்ஸப்பில் பத்திரிகை வந்தது.

ஒரு கணவன் மனைவியைப் பிரிந்தால் ஊர் கூடி நிற்கும். வெளியே சொல்ல முடியாத உறவின் பிரிவுக்கு அந்த ஆறுதல் கிடைக்காது. கென்னத் டோக்கா என்ற ஆய்வாளர் 1989-இல் இதைப் பற்றியே ஒரு நூல் தொகுத்தார். சமூகம் ஏற்காத துக்கம் என்றார். அழும் உரிமையே இல்லாத துக்கம் ஆறாமல் உள்ளேயே கிடக்கும் என்பது அவருடைய கண்டறிதல். செல்வம் அந்த மாதம் அம்மாவிடம் பேசியபோது, "குரல் ஒரு மாதிரி இருக்கே" என்று அம்மா கேட்டார். அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது, மகன் உடைந்திருக்கிறான் என்று. "சளிம்மா" என்றார் மகன். அம்மா கஷாயம் சொன்னார். தாய் மகனுக்கு இவ்வளவு பக்கத்தில் வந்தும், தொட முடியாமல் போன அந்த நிமிடத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு கேட்பதில்லை.

அதற்குப் பிறகுதான் அவர் எங்களை அழைத்தார். தூக்கம் போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை வெளியே போவதை நிறுத்திவிட்டார். குடிக்கத் தொடங்கியிருந்தார். சாரத்தின் மேலே வேலை செய்யும்போது கொக்கியை மாட்டாமல் நின்றதைச் சொன்னார், "மாட்டணும்னு தோணல" என்றார். இந்த வாக்கியம் தனிமையைத் தாண்டிவிட்ட ஆளின் வாக்கியம். மனச்சோர்வு என்ற நோயின் அடையாளங்களை நீங்களும் தெரிந்துவைத்திருப்பது நல்லது. இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் நாட்டமில்லாமல் இருப்பது, தூக்கமும் பசியும் மாறுவது, தான் எல்லோருக்கும் பாரம் என்று பேசுவது. போனில் உங்களுக்குத் தெரியக்கூடியது என்றால், முன்பு வீடியோவில் வந்தவர் இப்போது குரலில் மட்டும் வருவார். பணம் அனுப்பிய தகவலைத் தவிர வேறு எதுவும் பேச மாட்டார். வங்கிக் கணக்கு, இன்சூரன்ஸ் விவரங்களைக் காரணமில்லாமல் உங்களிடம் ஒப்படைப்பார். இப்படித் தெரிந்தால் "சாகணும்னு ஏதாவது தோணுதாப்பா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. சிங்கப்பூரில் 1767 என்ற எண்ணில் எந்த நேரத்திலும் பேசலாம். வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு என்றே 'ஹெல்த்சர்வ்' என்ற அமைப்பு இருக்கிறது. தன்பாலீர்ப்பு உள்ளவர்களுக்கு 'ஊகாசாகா' என்ற அமைப்பு இருக்கிறது. இங்கே ஊரில் இருப்பவர்களுக்கு அரசின் டெலிமானஸ் எண் 14416.

செல்வத்துக்கு மருந்து தேவைப்பட்டது, எடுத்துக்கொண்டார். ஆனால் மருந்து தூக்கத்தைத்தான் திருப்பித் தந்தது. மறைக்கும் வேலையை அது குறைக்காது. அதைக் குறைக்க ஒரே ஒரு ஆளிடமாவது சொல்ல வேண்டும். யாரிடம் சொல்வது என்று நாங்கள் பல வாரம் பேசினோம். அம்மாவிடம் முதலில் வேண்டாம் என்று நான் சொன்னேன். கல்யாணச் சண்டையின் நடுவில் வேண்டாம், அறையிலிருந்து போனில் வேண்டாம், லீவு முடிந்து கிளம்பும் நாளில் வேண்டாம். பாஸ்போர்ட்டும் வங்கிப் புத்தகமும் தன் கையில் இருக்க வேண்டும். விஷயம் தெரிந்ததும் பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, மந்திரிக்கக் கூட்டிப்போன, அவசரமாகத் தாலி கட்ட வைத்த குடும்பங்கள் உண்டு. உங்களை வருத்த இதைச் சொல்லவில்லை, இந்த மகன்கள் எதற்குப் பயப்படுகிறார்கள் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

அவர் அக்காவைத் தேர்ந்தெடுத்தார். சின்ன வயதில் அடி வாங்கும்போது குறுக்கே வந்து நின்ற அக்கா. லீவில் வந்த முதல் வாரம், அக்கா வீட்டுக் கொல்லையில் சொன்னார். அக்கா ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டது இதுதான்: "இத்தனை வருஷம் இத யாருகிட்டயும் சொல்லாமலா தம்பி இருந்த?" அதன் பிறகு அழுதது, கோபப்பட்டது, "டாக்டர்கிட்ட போனா மாறாதா?" என்று கேட்டது எல்லாம் நடந்தது. ஒரே நாளில் எல்லாம் சரியாகவில்லை. மாற்றிக் காட்டுகிறேன் என்று சிகிச்சை செய்யும் டாக்டர்மேல் நடவடிக்கை எடுக்கலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருப்பதை நான் அக்காவுக்கு விளக்கினேன்.

அந்தத் தீர்ப்பைப் பற்றி உங்களுக்கும் சொல்ல வேண்டும். மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள் சேர்ந்து வாழ விரும்பிச் சென்னைக்கு வந்தார்கள், பெற்றோர் போலீசில் புகார் கொடுத்தார்கள், பாதுகாப்பு கேட்டு வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் உடனே தீர்ப்பு எழுதவில்லை. இதைப் பற்றித் தனக்கு முழுப் புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஒரு உளவியலாளரிடம் தானே போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். 2021 ஜூன் 7 அன்று அவர் கொடுத்த உத்தரவில், இவர்களைப் போலீஸ் துன்புறுத்தக் கூடாது, மருத்துவத்தின் பெயரால் மாற்ற முயலக் கூடாது என்று சொன்னார். உயர் நீதிமன்ற நீதிபதிக்கே கேட்டுத் தெரிந்துகொள்ள நேரம் தேவைப்பட்டது. செல்வத்தின் அக்காவுக்கு ஒரு வருடம் ஆனது. உங்களுக்கும் ஆகும். அந்த நேரத்தை எடுத்துக்கொள்வதில் தவறே இல்லை.

அக்காவுக்குத் தெரிந்ததால் என்ன மாறியது? அம்மா வரன் கொண்டுவரும்போது அக்கா குறுக்கே விழுந்து, "அவனுக்குத் தோணும்போது சொல்லுவான், நீ சும்மா இரும்மா" என்று நிறுத்தினார். ஞாயிற்றுக்கிழமை இரவு அக்காவுடன் பேசும் ஒரு மணி நேரத்தில் செல்வம் எதையும் ஞாபகம் வைத்துக்கொண்டு பேச வேண்டியதில்லை. ராமநாதபுரத்து நண்பரைப் பற்றி அக்காவிடம் முதல் முறையாகச் சொன்னபோதுதான், பிரிந்து இரண்டு வருடம் கழித்து, அழுதார். அறையில் அதே பன்னிரண்டு பேர்தான். அம்மாவுக்கு இன்றைக்கும் தெரியாது, ஒருவேளை எப்போதும் தெரியாமலே போகலாம். எல்லோரிடமும் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று நான் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. ஆனால் இப்போது வருடத்துக்கு ஒரு முறை ஊருக்கு வருகிறார்.

இந்த இடத்தில் கல்யாணத்தைப் பற்றி என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். கட்டி வைத்தால் சரியாகிவிடும் என்று நினைத்துக் கட்டி வைக்காதீர்கள். இந்த மாவட்டத்தில், இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வந்துபோகும் கணவனுக்காகக் காத்திருக்கும் பெண்கள் ஏராளம். அவர்களில் சிலர், கணவர் வந்த நாட்களிலும் தன்னைத் தொடாமல் திரும்பிப் படுப்பது ஏன் என்று தெரியாமல், குறை தன்மேல்தான் என்று நினைத்துக் குமைகிறார்கள். குழந்தை இல்லை என்று மாமியாரின் வசையையும் வாங்கிக்கொள்கிறார்கள். ஒருவனுடைய தனிமையை மறைக்க இன்னொரு வீட்டுப் பெண்ணைத் தனிமையில் தள்ளுவது அநியாயம். மகனைப் பெற்றவர்களைப் போலவே மகளைப் பெற்றவர்களும் இங்கே இருக்கிறீர்கள், இது உங்கள் வீட்டுப் பிரச்சினையும்தான்.

உங்கள் மகன் அப்படித்தானா என்று கண்டுபிடிக்கச் சொல்லி நான் வரவில்லை. துருவ வேண்டாம், போனைச் சோதிக்க வேண்டாம், அறையில் இருப்பவர்களிடம் விசாரிக்க வேண்டாம். அப்படி விசாரித்தால் அவனுடைய வேலைக்கும் உயிருக்குமே ஆபத்தாகிவிடும். அவன் யாராக இருந்தாலும் நீங்கள் செய்யக்கூடியவை சில உண்டு. ஒவ்வொரு போனிலும் கல்யாணப் பேச்சை எடுக்காதீர்கள். அவன் எடுக்கும்வரை விடுங்கள். டிவியிலோ தெருவிலோ இப்படிப்பட்டவர்களைப் பற்றிப் பேச்சு வரும்போது, வீட்டில் என்ன சொல்கிறீர்கள் என்று கவனியுங்கள். செல்வத்துக்குப் பதினாறு வயதில், டிவி பார்த்துக்கொண்டிருந்த அப்பா சொன்ன ஒரு வார்த்தைதான், பதினைந்து வருடம் அவரை வாய் திறக்க விடாமல் செய்தது. அப்பாவுக்கு அந்த வார்த்தை ஞாபகமே இருக்காது. அதேபோல "அவங்களும் மனுசங்கதானே, பாவம் என்ன செஞ்சாங்க" என்று நீங்கள் ஒருமுறை சொன்னால், கேட்க வேண்டியவன் அதையும் கேட்பான், பல வருடம் வைத்திருப்பான்.

இன்றிரவு பிள்ளைகளுக்குப் போன் செய்வீர்கள். பணம், சாப்பாடு, உடம்பு எல்லாம் கேட்டு முடித்த பிறகு, "எது நடந்தாலும், எதுவா இருந்தாலும் எங்கிட்ட சொல்லலாம்ப்பா, நான் ஒன்னும் சொல்ல மாட்டேன்" என்று ஒரு முறை சொல்லிவிட்டு, அவன் பதில் சொல்கிறானா என்று கொஞ்ச நேரம் போனை வைக்காமல் இருங்கள். இதைத்தான் கேட்டுக்கொள்ள வந்தேன்.